மேற்பகுதி தட்டையாக அமைந்த கப்கேக்: எங்கள் அடுப்படி அனுபவங்கள்

சுங்கை சிப்புட் மல்லிகை:

வணக்கம். எங்கள் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை விருந்துக்கு எழுபத்திரண்டு கப்கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் மீதும் உண்ணத்தக்க தாளில் அச்சிட்ட வட்டமான படம் ஒன்றை ஒட்ட வேண்டும். அந்த வட்டம் கிண்ணத்தின் வாயளவுக்கே இருப்பதால், மேற்பகுதி தட்டையாக இல்லாவிட்டால் படத்தின் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும்.

சோதனைக்காக முதலில் பன்னிரண்டு செய்து பார்த்தேன். பொட்டலத்தில் எழுதியிருந்தபடி ஓவனை 180 பாகையில் வைத்தேன். பன்னிரண்டும் கோபுரம் போல் எழும்பி நடுவில் வெடித்தன. மேட்டைக் கத்தியால் சீவினால் தட்டையாகும் என்று எண்ணிச் சீவியதில் வெட்டுமுகம் உதிரத் தொடங்கியது, மறுநாள் காலையில் அந்தப் பகுதி மட்டும் வறண்டும் போயிருந்தது. சாப்பிட்டுப் பார்த்த என் மகள் காகிதத்தை உரித்தபோது அணிச்சலின் கால் பங்கு காகிதத்தோடு போய்விட்டது. தட்டையான மேற்பகுதி, சுத்தமாக உரியும் காகிதம், ஈரப்பதமான உட்பகுதி ஆகிய மூன்றையும் ஒரே கப்கேக்கில் கொண்டுவந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

செம்பனைக் காட்டு வீட்டார்:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஓவனின் கீழ்த்தட்டில் கொதிநீர் நிரப்பிய ஒரு தட்டை வைக்கத் தொடங்கிய பிறகு வெடிப்பு அறவே நின்றுவிட்டது. ஓவனுக்குள் ஈரம் இருந்தால் மேற்பகுதி சீக்கிரம் காயாது, அதனால் சமமாக எழும்புகிறது என்பது என் புரிதல். பேக்கிங் பவுடரையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள், மேடு தானாகவே அடங்கும். காகிதம் மட்டும் எனக்குச் சில நாள் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது, அதற்குக் காரணம் தெரியவில்லை.

தைப்பிங் பழைய அடுமனைக்காரர்:

தங்கை மல்லிகை, நான் இருபத்தெட்டு ஆண்டுகள் அடுமனைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் ஓவன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன்களில் குமிழில் ஓர் எண்ணும் உள்ளே வேறொரு வெப்பமும் இருப்பது வழக்கம். உள்ளே கம்பியில் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கி, இருபது நிமிடம் சூடேற்றி, எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

மேடு ஏன் வருகிறது என்றால், சூடு அதிகமாக இருக்கும்போது கிண்ணத்தின் ஓரத்தில் உள்ள மாவு முதலில் வெந்து இறுகிவிடுகிறது. நடுவில் உள்ள மாவு இன்னும் நீர்மமாக இருந்து எழும்பிக்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் போக வழியில்லாத அது மேலே தள்ளிக்கொண்டு, ஏற்கனவே காய்ந்துவிட்ட மேல்தோலை உடைக்கிறது. உள்வெப்பம் 160 பாகையாக இருந்தால் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக இறுகும். நேரம் சற்றுக் கூடி இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும்.

சூடு சரியாக இருந்தும் மேடு வந்தால் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உட்பகுதியில் மேட்டின் உச்சியை நோக்கிப் போகும் நீண்ட துளைகள் தெரிந்தால் மாவை அதிகமாக அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். துளைகள் இல்லாமல் நுண்மையாக இருந்தும் மேடு இருந்தால் குற்றம் சூட்டினுடையது. இந்த ஒரு வெட்டு பல நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

செம்பனைக் காட்டு வீட்டாரே, நீராவி மேல்தோலைத் தாமதமாகக் காயவைக்கிறது என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சிறிய ஓவனில் அந்தத் தண்ணீர்த் தட்டு கீழிருந்து வரும் சூட்டையே மறைத்துவிடுகிறது. உங்களுக்கு மேடு அடங்கியதில் அந்தச் சூட்டுக் குறைவுக்கும் பெரும்பங்கு இருந்திருக்கும். காகிதம் ஈரமாவதும் அந்தத் தண்ணீரால்தான். பேக்கிங் பவுடரைப் பாதியாக்கினால் மேடு குறையலாம், அதோடு அணிச்சலும் கனத்துப்போய்விடும். நான் அதை ஏற்க மாட்டேன்.

பாட்டி வீட்டுப் பேத்தி:

நான் பாவுலு மாவையே காகிதக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டேன். என் பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. முட்டை, சீனி, மாவு மூன்று மட்டுமே. மேற்பகுதி ஓரளவு நன்றாகவே வந்தது. ஆனால் காகிதம் அணிச்சலோடு ஒன்றாகி, கரண்டியால் சுரண்டித்தான் சாப்பிட முடிந்தது. பாட்டி பித்தளை அச்சில் செய்தபோது ஒருநாளும் ஒட்டியதில்லை. காகிதம்தான் மட்டமானதா?

தைப்பிங் பழைய அடுமனைக்காரர்:

அம்மா, பாட்டி அச்சுக்கு எண்ணெய் தடவியிருப்பார், மாவில் எண்ணெய் இல்லாத குறையை அது ஈடுசெய்தது. காகிதத்தில் அந்த வசதி இல்லை. கொழுப்பே சேராத முட்டை மாவு காகிதத்தைப் பற்றிக்கொள்ளும். வெண்ணெயும் எண்ணெயும் சேர்ந்த மாவு சுத்தமாக விட்டுவிடும். காகிதத்தின் தரமும் முக்கியம்தான். வாங்கிய கட்டிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பின்புறம் பாருங்கள். கறை தெரிந்தால் அந்தக் காகிதத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தியவான் கடைவீதி:

என் அனுபவம் வேறு. எனக்குக் காகிதம் மிக நன்றாகவே உரிகிறது, கை வைக்காமலே உரிந்துவிடுகிறது. காலையில் சுட்டு மாலையில் பார்த்தால் மடிப்புகள் எல்லாம் பூ மலர்ந்தது போல் விரிந்து அணிச்சலை விட்டு விலகி நிற்கின்றன. வாடிக்கையாளருக்கு அப்படியே கொடுக்க வெட்கமாக இருக்கிறது. மல்லிகை அக்கா கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சுங்கை சிப்புட் மல்லிகை:

தம்பி, நான் கேட்டது சாப்பிடும்போது அணிச்சல் காகிதத்தோடு போகாமல் இருப்பதைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. நேற்று இரண்டாவது தட்டைச் சுட்டவுடன், ஈரம் போகாமல் இருக்கட்டும் என்று சூட்டோடு மூடி போட்ட டப்பாவில் அடைத்தேன். இன்று திறந்தால் நீங்கள் சொன்ன அதே பூ மலர்ந்த கோலம்.

தைப்பிங் பழைய அடுமனைக்காரர்:

இரண்டு பேருக்கும் ஒரே பதில். வெந்து இறங்கிய கப்கேக்கிலிருந்து பக்கவாட்டிலும் நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். தகரத் தட்டிலேயே விட்டாலோ, சூட்டோடு மூடி வைத்தாலோ அந்த ஆவி காகிதத்துக்கும் அணிச்சலுக்கும் நடுவில் தங்கி காகிதத்தை ஊறவைக்கும். ஆறும்போது அணிச்சல் சுருங்கும், ஊறிய காகிதம் விரியும், இரண்டும் பிரியும். எனவே தட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் கம்பித் தட்டுக்கு மாற்றி, அடிப்பகுதியைத் தொட்டால் சூடே தெரியாத வரைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதன் பிறகு மூடுங்கள். சூட்டோடு உரித்துப் பார்ப்பதும் கூடாது. உட்பகுதி இன்னும் இறுகாமல் இருப்பதால் அது காகிதத்தோடு கிழிந்து வரும். உங்கள் மகள் உரித்தபோது எவ்வளவு சூடாக இருந்தது?

சுங்கை சிப்புட் மல்லிகை:

நன்றாகவே சூடாக இருந்தது ஐயா. ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெப்பமானியை ஈப்போவிலிருந்து வாங்கி வந்து பார்த்தேன். குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது. இப்போது குமிழை 140க்குச் சற்று மேலே வைத்தால்தான் உள்ளே 160 நிற்கிறது. முதல் தட்டில் மீந்திருந்ததை வெட்டிப் பார்த்ததில் நீண்ட துளைகளும் இருந்தன, ஆகவே என் பக்கம் இரண்டு தவறுகள் இருந்திருக்கின்றன. மாவை அதிகமாக அடிக்காமல் கலக்கும் முறையைச் சொல்லுங்கள்.

தைப்பிங் பழைய அடுமனைக்காரர்:

வெண்ணெயையும் சீனியையும் முதலில் நுரைக்க அடிக்கும் முறையை இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள். அதில் சிக்கும் காற்றும் பிறகு மாவு பெறும் இழுவையும் சேர்ந்துதான் மேட்டைத் தூக்குகின்றன. இருபத்து நான்கு கப்கேக்குக்கு கேக் மாவு 250 கிராம், சீனி 230 கிராம், பேக்கிங் பவுடர் 8 கிராம், சிட்டிகை உப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். அதில் வெண்ணெய் 120 கிராமைத் துண்டுகளாகப் போட்டு, இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகத்தில், ஈர ரவை போல் ஆகும் வரை சுற்றவிடுங்கள். வெண்ணெய் மாவின் மீது பூச்சாகப் படிந்துவிடுவதால், பிறகு பால் சேர்க்கும்போது மாவில் இழுவை அவ்வளவாக உண்டாகாது. அடுத்து எண்ணெய் 60 கிராமும் பால் 90 கிராமும் ஊற்றி ஒரு நிமிடம் அடியுங்கள். கடைசியில் நான்கு முட்டைகளை இன்னொரு 90 கிராம் பாலோடு கலக்கி மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு தவணைக்கும் இருபது விநாடி மட்டும் கலக்குங்கள்.

நம் ஊர்ச் சூட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிட்டால் ரவைப் பதம் வராமல் களி போலாகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து கால் மணி நேரத்துக்குள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தாலும் பளபளப்பு இல்லாத நிலையில் சேர்த்துவிடுங்கள். எண்ணெயை ஏன் சேர்க்கிறேன் என்றால், வெண்ணெய் மட்டும் போட்ட அணிச்சல் குளிரூட்டிய மண்டபத்தில் இறுகி வறண்டது போல் தோன்றும். எண்ணெய் அங்கேயும் இறுகாது.

கிண்ணத்துக்கு 42 கிராம் என்று நிறுத்து ஊற்றுங்கள். கரண்டிக் கணக்கில் ஊற்றினால் பன்னிரண்டும் பன்னிரண்டு உயரம் காட்டும். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் திரும்ப எழ வேண்டும், குச்சியில் ஈரமான துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது. குச்சி முற்றிலும் காய்ந்து வரும்வரை காத்திருந்தால் ஈரப்பதம் அப்போதே குறைந்துவிடும்.

செம்பனைக் காட்டு வீட்டார்:

தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு 160இல் சுட்டுப் பார்த்தேன். காகிதம் காய்ந்து நன்றாக இருக்கிறது. ஆனால் 150க்கு இறக்கியபோது மேற்பகுதி தட்டையாக வந்தும் பிசுபிசுப்பாக இருந்தது, நடுவும் சற்றுக் குழிந்தது. எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்பதில்லை போலும்.

சித்தியவான் கடைவீதி:

என்னுடையது காற்றாடி உள்ள பெரிய ஓவன். அதில் 150தான் எனக்குச் சரியாக வருகிறது, பிசுபிசுப்பு இல்லை. காற்றாடியை நிறுத்திச் சுட்டால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் வேறு வேறாக வேகின்றன.

தைப்பிங் பழைய அடுமனைக்காரர்:

நான் எப்போதும் காற்றாடி இல்லாமல்தான் சுட்டேன் தம்பி. காற்று ஒரு பக்கமாக அடித்தால் எழும்பும் மாவு சாய்ந்துவிடும் என்பது என் எண்ணம். உங்கள் ஓவனில் நேராக வருகிறதென்றால் அதை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

சுங்கை சிப்புட் மல்லிகை:

நேற்றிரவு ஆறு தட்டுகளாக எழுபத்திரண்டையும் முடித்தேன். முதல் தட்டை 160இல் இருபத்திரண்டு நிமிடம் சுட்டு, ஒன்றை வெட்டிப் பார்த்தேன். துளை இல்லை. மேற்பகுதி கிண்ணத்தின் விளிம்புக்கு ஒரு நூல் கீழே நின்றது. படத்தைக் கொஞ்சம் பட்டர்கிரீம் தடவி ஒட்டியபோது ஓரம் எங்கும் தூக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு மகளிடம் கொடுத்தேன், காகிதத்தின் மடிப்புத் தடம்கூட அணிச்சலில் அப்படியே பதிந்திருந்தது.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு தட்டிலும் பின்மூலையில் இருந்த இரண்டு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. மூன்றாம் தட்டிலிருந்து, மேற்பகுதி இறுகிய பிறகு பதினைந்தாம் நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைத்தேன். சாய்வு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அந்த மூலையில் ஓவனின் சூடேற்றும் கம்பி தட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது. அடுத்த முறை அந்த இரண்டு குழிகளையும் மாவின்றிக் காலியாக விட்டு, பத்து பத்தாகச் சுடலாம் என்று இருக்கிறேன்.