அப்பாவின் வாட்ஸ்அப் ஜெராக்ஸ் கடையில் மூன்று வாரம் திறந்தே கிடந்தது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மாடித்தோட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. அப்பாவுக்கு 71 வயது. வந்த மெசேஜ்கள் எல்லாம் ஏற்கெனவே படித்ததாகக் காட்டுகிறது, நான் எதையுமே திறக்கவில்லை என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறன்று அவர் போனை வாங்கி, மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு Linked devices உள்ளே போனேன். ஒரே ஒரு வரி. Google Chrome, Windows, அதன் கீழே Last active today at 11:20 am. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

மூன்று வாரம் முன்னால் பாஸ்புக் நகல் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை. “கட்டம் கட்டமா ஒரு படம் இருந்தது, அதுக்கு நேரா போனைக் காட்டச் சொன்னான், காட்டினேன்” என்கிறார். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. “போன் என் சட்டைப் பையிலதானேம்மா இருந்தது, அப்புறம் எப்படி அங்க தெரியும்?”

வெளியேற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படிச் சொன்னீர்கள்?

நெல்லை நேரு

பயப்படாதீங்க, 14 நாளில் அதுவாகவே வெளியேறிவிடும். போனில் நெட்டை அணைத்துவிட்டால் கடை கம்ப்யூட்டரிலும் ஓடாது. என் மாமனாருக்கு இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணி ஆனால் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்.

முன்னாள் சென்டர்காரன்

நேரு சார், நீங்கள் சொல்வது பழைய கதை. ஒரு காலத்தில் போனில் நெட் இருந்தால்தான் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் ஓடும். 2021-இல் அதை மாற்றிவிட்டார்கள். ஒருமுறை இணைத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தன் காலில் நிற்கும். மாமனார் போனை அணைத்துப் பீரோவில் பூட்டினாலும் அங்கே மெசேஜ் விழும்.

அந்த 14 நாள் கணக்கும் உண்மைதான், ஆனால் அது போனுக்கு. சொந்த போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்கவே இல்லை என்றால்தான் இணைத்தவை அறுந்துபோகும். இணைத்த கம்ப்யூட்டரில் யாரும் 30 நாள் தொடவில்லை என்றாலும் அறுந்துபோகும். ஜெராக்ஸ் கடையில் தினமும் காலையில் அதே குரோமைத் திறக்கிறார்கள். அப்பா தினமும் போனைப் பார்க்கிறார். இரண்டு கணக்குமே ஓடி முடியாது. மூன்று வாரம் கழித்தும் 11:20-க்கு உயிரோடு இருந்தது அதனால்தான்.

நான் ஆறு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். காலையில் ஷட்டரைத் தூக்கி சிஸ்டத்தைப் போட்டால், முந்தின நாள் கடைசியாக வந்தவரின் வாட்ஸ்அப் டிங் டிங் என்று கத்தும். ஒருநாள் யாரோ ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் என் கண்ணெதிரே வந்து விழுந்தது. மகன் அனுப்பியிருந்தான், கீழே “அம்மாகிட்ட சொல்லாதே” என்று அப்பாவுக்கு ஒரு வரி. வெளியேற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

பெரியவர்களுக்கு நான் சொல்வது இது. பழைய லேண்ட்லைனில் ஹாலில் ஒரு போன், மாடியில் பேரலல் லைனில் ஒரு போன் வைத்திருப்போமே, ஞாபகம் இருக்கா? மாடியில் யாராவது ரிசீவரை எடுத்தால் ஹாலில் பேசுவது எல்லாம் கேட்கும். கட்டப் படத்துக்குப் போனைக் காட்டியது, ஜெராக்ஸ் கடையில் ஒரு பேரலல் லைன் போட்டுக் கொடுத்த மாதிரி. இதைச் சொன்னால் அறுபது வயதுக்கு மேல் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

குட்டிமா

வாட்ஸ்அப்பை விடுங்கள், என் மாமியார் ஜிமெயிலில் செய்த கூத்தைக் கேளுங்கள். பழைய போனைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்திருந்தார்கள், அதிலிருந்து அவர்களுடைய மெயிலை எடுத்துவிடலாம் என்று என் டேப்லெட்டில் google.com/devices திறந்து கொடுத்தேன். பட்டியல் வந்தது. அத்தைக்கு முகம் மாறிவிட்டது. அவர்கள் போன் இரண்டு தடவை இருக்கிறது, ஊர் சென்னை என்று போட்டிருக்கிறது. நாங்கள் இருப்பது திருநெல்வேலி. “மெட்ராஸ்ல எவனோ என் போனை வச்சிருக்கான்” என்று, நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் வரிசையாக எல்லாவற்றுக்கும் Sign out கொடுத்துவிட்டார்கள்.

Your current session என்று எழுதியிருந்தது டேப்லெட்டுக்கு மட்டும்தான். கையில் இருந்த அவர்கள் சொந்த போன் பட்டியலில் மற்றதோடு மற்றதாக நின்றது. அதுவும் போச்சு. பாஸ்வேர்டு என்ன அத்தை என்றால், “அதை உன் வீட்டுக்காரன்தான் போட்டான்” என்கிறார்கள். அவர் துபாயில், டூட்டியில். அவர் போனை எடுக்கும்வரை மெயிலும் இல்லை, போட்டோவும் இல்லை, வீட்டில் சாப்பாடும் இல்லை.

முன்னாள் சென்டர்காரன்

குட்டிமா, இதில் இரண்டு விஷயம். ஒரே போன் இரண்டு மூன்று முறை வருவது சகஜம். குரோமில் ஒருதரம், வேறொரு ஆப்பில் ஒருதரம் நுழைந்திருந்தால் தனித்தனியாகக் காட்டும். ஊர்ப்பெயரை நம்பவே வேண்டாம். நெட் எந்த வழியாக வெளியே போகிறதோ அந்த இடத்தை வைத்து உத்தேசமாகப் போடுவதுதான் அது. மொபைல் டேட்டாவில் திருநெல்வேலிக்காரருக்குச் சென்னை வருவது அதிசயமே இல்லை. பார்க்க வேண்டியது என்ன சாதனம், கடைசியாக எப்போது என்ற இரண்டை மட்டும். வீட்டில் இல்லாத விண்டோஸ், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், இப்படி இருந்தால்தான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பெரியவர்களின் கணக்கை அவர்கள் சொந்த போனிலேயே திறந்து பாருங்கள். அப்போது Your current session அந்தப் போனுக்கு வரும், மற்றதை எடுத்தாலும் அது நிற்கும். பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

பாதுகாப்பே பரமம்

எங்கள் அத்திம்பேருக்கும் இதே மாதிரி ஒருதரம் ஆனது, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தேடி வெளியேற்றிக்கொண்டிருப்பதே வீண் வேலை. முதலில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லா இடத்திலும் தானாக வெளியேறிவிடும். அப்புறம் டூ ஸ்டெப் போடுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க பின் போடுங்கள், கடைக்காரன் கம்ப்யூட்டரில் உடனே அறுந்துவிடும். பாஸ்வேர்டை டைரியில் எழுதாதீர்கள். பிறந்த தேதி வைக்காதீர்கள். பேரன் பேத்தி பெயர் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது பழையதிலேயே கடைசி எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். பொது இடத்து வைஃபையில் சேராதீர்கள். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கே போகாதீர்கள், ஒரு பிரிண்டர் வாங்கிப் போடுங்கள்.

மாடித்தோட்டம்

பாஸ்புக்கின் ஒரு பக்கத்துக்காகப் பிரிண்டரா சார்?

முன்னாள் சென்டர்காரன்

பரமம் சார், பாதி சரி. கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலான இடத்தில் வெளியேறும், எல்லா இடத்திலும் இல்லை. நுழையும்போது “நான்தான்” என்று உறுதி செய்யப் பயன்படுத்தும் சாதனம் அப்படியே இருக்கும். நீங்கள் அனுமதி கொடுத்த வெளி ஆப்புகள் சிலவும் நிற்கும். அதனால் மாற்றின பிறகும் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் நீங்கள் சொன்னது தப்பு. அந்த ஆறு இலக்க பின், உங்கள் நம்பரை வேறொருவன் புதிய போனில் பதிவு செய்யாமல் தடுப்பதற்கு. ஏற்கெனவே இணைத்த கம்ப்யூட்டரை அது ஒன்றும் செய்யாது. கூகுள் பாஸ்வேர்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இந்த இடத்தில் சம்பந்தமே கிடையாது. Linked devices உள்ளே போய் அந்த வரியைத் தொட்டு Log out கொடுப்பதுதான் வழி.

வாடகை வீட்டுக்காரர்

டிவிக்கும் இது உண்டா? பழைய வீட்டைக் காலி செய்தபோது ஓனருடைய டிவியில் என் யூடியூப் அப்படியே இருந்துவிட்டது. நான் கேட்பது கச்சேரி. நாலு மாதமாக என் போனில் கார்ட்டூனும் யாரோ பரோட்டா போடுகிற வீடியோவும் வந்துகொண்டே இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது, அதுவரைக்கும் எனக்குத் தெரிகிறது. அவர்களுக்கு என்னைப் பற்றி என்னென்ன தெரியுமோ!

குட்டிமா

அதே google.com/devices-தான் சார். டிவி பெயரும் பட்டியலில் வரும். பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு திறங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கடலூர் காற்று

பேரலல் லைன் உதாரணம் எனக்கு ஒப்பவில்லை. பேரலல் லைனில் கேட்க மட்டும்தான் முடியும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே கடைக்காரன் அப்பா பெயரில் மெசேஜே அனுப்பலாமே? “அவசரம், பத்தாயிரம் அனுப்பு” என்று மாமாவுக்குப் போனால் மாமா அனுப்பிவிடுவார்.

முன்னாள் சென்டர்காரன்

பேரலல் லைனிலும் பேசலாம் சார், என் தங்கை பேசுவாள். ஆனால் நீங்கள் சொல்வது நியாயம்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாடித்தோட்டம்

பேரலல் லைன் எங்கள் வீட்டில் வேலை செய்தது. அப்பா உடனே, “அப்ப ஒயரைப் பிடுங்கினாப் போதுமே, எங்க பிடுங்கணும், காட்டு” என்றார். இந்தத் தடவை நான் தொடவில்லை. தங்கை வீட்டு லேப்டாப்பில் இணைத்து, அவரையே மூன்று புள்ளி, Linked devices, அந்த வரி, Log out என்று தொட வைத்தேன். லேப்டாப் திரையில் சாட் எல்லாம் மறைந்து பழையபடி கட்டப் படம் வந்து நின்றதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மூன்று முறை இணைத்து மூன்று முறை பிடுங்கினார்.

அப்புறம் அந்தக் கடைக்கும் போனோம். Log out கொடுத்தால் வாட்ஸ்அப் போகும், ஏற்கெனவே இறக்கிய கோப்பு போகாது என்று எனக்கு அங்கே போய்தான் உறைத்தது. பையன் நல்ல பையன்தான், Downloads திறந்து காட்டினான். WhatsApp Image என்று ஆரம்பிக்கிற பெயர்கள் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. ஆதார், ரேஷன் கார்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை, யாருடைய பேங்க் புத்தகமோ. அப்பாவுடையது நாலு. தேர்ந்தெடுத்து Shift-ஐப் பிடித்துக்கொண்டு Delete அடித்தேன், குப்பைத்தொட்டிக்கும் போகாமல் அழிந்தது.

மற்றவர்களுடையதையும் அழித்துவிடு தம்பி என்றார் அப்பா. “திரும்ப வந்து கேப்பாங்க தாத்தா, இல்லேன்னா சண்டை போடுவாங்க” என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டோம்.

நெல்லை நேரு

அப்போ மாமனாரை ராத்திரி டேட்டாவை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இப்போது பார்த்தேன், அவர் போனில் Linked devices உள்ளே இரண்டு வரி இருக்கிறது. ஒன்று என் லேப்டாப். இன்னொன்று யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை.