கொழிஞ்சாம்பாறை, நம் தெருக் குழு: திருவிழா வரலாறு படிக்க முடியவில்லை

சண்முகம் மாமா: கோயில் வரலாறு பழைய இணையப் பக்கம் ஒன்றில் இருந்தது. நோட்டீசுக்காக நகலெடுத்தேன், இப்படி வருகிறது:

```
Ch; nghpath;fs; Nrh;e;J
```

பழனி: மாமா, போனில் அந்த எழுத்துரு இல்லை. இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

கவிதா: கணினியில், வேர்டில் அது நடக்கும் அண்ணா. வாட்ஸ்அப்பில் நடக்காது. அந்தப் பக்கத்தில் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. நகலெடுக்கும்போது எழுத்துரு கூட வராது. அதனால் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

செல்வி அக்கா: பாமினி என்று எப்படித் தெரிந்தது?

கவிதா: சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி இருக்கிறது பாருங்கள், அதுதான் பாமினியில் மெய்க்குப் புள்ளி. ¾Á¢ú மாதிரி வந்தால் அது டிஸ்கி. சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வர்ட்டரிலோ சரியான வகையைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள் மாமா.

பழனி: என்னிடம் மலையாளத்தில் ஒரு பழைய நோட்டீஸ் இப்படித்தான் கிடக்கிறது. அதையும் இதில் போடலாமா?

கவிதா: இது தமிழுக்கு மட்டும் அண்ணா. அதில் ஒரு வரி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

சண்முகம் மாமா: வந்துவிட்டது! “ஊா் பொியவா்கள் சோ்ந்து”. ஆனால் இதில் “பெரியவர்” என்று தேடினால் கிடைக்கவில்லையே?

கவிதா: அங்கேதான் சிக்கல். பாமினியில் தட்டச்சுபவர்கள் ‘ர்’, ‘ரி’ எழுதக் கால் எழுத்தையே போடுவார்கள். காலின் மேல் புள்ளி வைத்தால் பார்வைக்கு ‘ர்’ போலவே இருக்கும். சில மாற்றிகள் அதைக் காலாகவே விட்டுவிடும். முன்னால் கொம்பு இருந்தால் கொம்பும் காலும் சேர்ந்து ‘பெரி’ ‘பொி’ ஆகும், ‘சேர்’ ‘சோ்’ ஆகும். சொல்லின் கடைசியில் நின்று பின்னழிப்பை ஒருமுறை தட்டுங்கள்: ‘ஊா்’ என்பதில் புள்ளி போய் ‘ஊா’ என்று நின்றால் அது ரகரம் இல்லை.

கூகுள் டாக்ஸில் போட்டு, கண்டுபிடித்து மாற்றும் வசதியில் இவற்றைக் கொடுங்கள். இந்தச் சேர்க்கைகள் சரியான தமிழில் வராது, அதனால் எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றலாம். இங்கிருந்தே நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

```
ோ் → ேர்
ோி → ேரி
ொி → ெரி
ா் → ர்
ாி → ரி
ாீ → ரீ
```

செல்வி அக்கா: இவ்வளவு எதற்கு? படம் பிடித்து அனுப்பினால் படித்துவிடலாமே.

கவிதா: படிக்க மட்டும் என்றால் போதும் அக்கா. மாமா இதை நோட்டீசில் அச்சடிக்கப் போகிறாரே.

சண்முகம் மாமா: இப்போது தேடினால் கிடைக்கிறது கவிதா. “ஊர் பெரியவர்கள் சேர்ந்து”. ஆனால் முகவரியில் “முநசயடய” என்று ஒன்று வருகிறதே?

கவிதா: அது Kerala மாமா. பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த சொல்லையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. முகவரி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூலப் பக்கத்திலிருந்து தனியாக எடுத்து ஒட்டிவிடுங்கள்.

பழனி: என் மலையாள வரியை ராத்திரி அனுப்புகிறேன்.