துவரை 28 குறைவு, உளுந்து 24 கூடுதல்: நஷ்டம் எவ்வளவு?

பருப்புக்கடை: மார்ச் 31 இரவு கடையை அடைத்துவிட்டு ஸ்டாக் எண்ணினோம். ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட் கணினியில் 240, ரேக்கில் 212. உளுந்து கணினியில் 180, ரேக்கில் 204. வரி நீங்கலாக வாங்கிய விலை துவரை 140, உளுந்து 130. குறைவு 3,920 ரூபாய், கூடுதல் 3,120 ரூபாய். இரண்டையும் கழித்து 800 ரூபாய் நஷ்டம் என்று ரிப்போர்ட் கொடுத்தால் போதுமா?

பில்கவுண்டர்: போதாது. 28 பாக்கெட் காணோம். விற்கும் விலை 165 போட்டால் 4,620 ரூபாய், அதுதான் நஷ்டம். உளுந்தைக் காட்டித் துவரையை மறைத்தால் திருடனுக்கு வசதி.

ஆடிட்_அண்ணாச்சி: தம்பி, கழித்து மறைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் 165 எதற்கு? கணக்கில் அந்தப் பாக்கெட் 140-க்குத்தான் நிற்கிறது. கைக்கு வராத 25 ரூபாய் லாபத்தை எப்படித் தொலைப்பது? அது போகட்டும், துவரை ஒரு பெட்டிக்கு எத்தனை பாக்கெட்?

பருப்புக்கடை: 24, அண்ணாச்சி. உளுந்தும் அப்படித்தான்.

அரிசிமூட்டை: எங்களுக்கும் இதே தொல்லை. சில்லறையில் அளந்து விற்கும் அரிசியில் மூட்டைக்குக் கால் கிலோ குறைகிறது. யார் எடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஆடிட்_அண்ணாச்சி: உங்களுடையது தராசுச் சேதாரம், வேறு கதை. இங்கே துவரை என்று பதிவான ஒரு பெட்டியில் உளுந்து வந்திருக்கலாம். அப்படியானால் அந்த 24 திருட்டு இல்லை, விலை வித்தியாசம் 240 ரூபாய்தான். உண்மையில் காணாமல் போனது 4 பாக்கெட், 560 ரூபாய். கூட்டினால் அதே 800 தான், ஆனால் சப்ளையர் பில்லில் துவரை என்று இருந்தால் 240-ஐ அவரிடம் கேட்டு வாங்கலாம். 560 திரும்பாது. காணாமல் போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) படி விட்டுக்கொடுக்க வேண்டும். 5 சதவீதத்தில் 4 பாக்கெட்டுக்கு 28 ரூபாய். 28 பாக்கெட்டும் போச்சு என்று எழுதினால் 196 ரூபாய் தண்டம்.

பில்கவுண்டர்: பெட்டிக் கணக்கு தற்செயலாகவும் இருக்கலாம். நான் கவுண்டரில் உட்காருபவன். கூட்ட நேரத்தில் இரண்டு துவரை, ஒரு உளுந்து வந்தால் உளுந்தை ஸ்கேன் செய்து 3 என்று அடித்துவிடுவார்கள். மாதம் முழுக்க அப்படி நடந்தாலும் இதே வித்தியாசம் வரும். சப்ளையரிடம் எதைக் கேட்பது?

ஆடிட்_அண்ணாச்சி: நியாயம்தான். அப்படியென்றால் 240 நம் தலையில். ஆனால் அவசரத்தில் அடிக்கும் தப்பு ஒரே பக்கமாக விழாது, சில நாள் உளுந்தும் துவரையாகப் பதிவாகும். ரேக்கில் உள்ள உளுந்தின் பேட்ச் எண்களைக் கொள்முதல் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

பருப்புக்கடை: பார்த்தேன். ரேக்கின் பின்வரிசையில் 19 உளுந்து பாக்கெட்டின் பேட்ச் எந்த உளுந்துப் பதிவிலும் இல்லை. மார்ச் 12 பில்லில் துவரை 2 பெட்டி என்று இருக்கிறது. சப்ளையர் போனை எடுக்கவில்லை. மீதி 4 துவரைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.