புதுப்பிப்பு: மாமியின் கேக் குறிப்பும் 11/2 கோப்பையும்

அன்று நான் கேட்டது: "அச்சடித்த குறிப்பைப் படமெடுத்து எழுத்தாக மாற்றினேன். 1½ கோப்பை 11/2 ஆகிவிட்டது, 350°F 3500F ஆகிவிட்டது. சாதாரண எழுத்தில் எப்படி எழுதுவது?"

கிளிநொச்சித் தங்கச்சி ½ என்ற ஒற்றை எழுத்தையே போடச் சொன்னா. என் போனில் சரி. முல்லைத்தீவிலுள்ள மாமியின் பழைய பட்டன் போனில் வெறும் கட்டம்தான் தெரிந்தது. இடைவெளி விட்டு `1 1/2` என்று அனுப்பினேன். வரி மடிந்து 1 மேலேயும் 1/2 கீழேயும் போய்விட்டன. வவுனியா அண்ணை சொன்ன `1+1/2` மட்டும் பிரியாமல் நின்றது. `1-1/2` என்றால் ஒன்றரையா அரையா என்ற குழப்பம் வரும் என்றார்.

பாகைக் குறியை விட்டுவிட்டு `350 F (175 C)` என்று எழுதினேன். C, F இல்லாமல் வெறும் 350 என்று விட்டு, யாராவது அதை C என்று எடுத்தால் கேக் கருகிவிடும்.

சீனி 1 lb 4 oz. அதை நான் 1.4 lb என்று சுருக்கியதுதான் பெரிய பிழை. ஒரு றாத்தலுக்கு 16 அவுன்ஸ், ஆகவே அது 1.25 lb, கிட்டத்தட்ட 567 கிராம். 1.4 என்றால் 635 கிராம்!

```
சீனி: 1 lb + 4 oz (567 g)
ரவை: 1+1/2 கோப்பை
சூடு: 350 F (175 C)
```

மாமிக்கு இன்னும் ஒரு சந்தேகம்: "விறகடுப்பில் 350 எங்கே பார்க்கிறது, பிள்ளை?"