உத்யம் சான்றிதழ் இருந்தும் தொழில்நுட்ப கவரிலேயே நிராகரிப்பு: உங்கள் அனுபவம் என்ன?

துறையூர் வணிகர்
துப்புரவுப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறேன். திருச்சியில் ஒரு மத்திய அரசு நிறுவனம் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் தரை துடைக்கும் திரவத்துக்கு ஏலம் அழைத்திருந்தது. 5 லிட்டர் கேன், மொத்தம் 2,000. இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை 12,000 ரூபாய். குறு நிறுவனம் என்று, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழில் தெளிவாக இருக்கிறது. அதை இணைத்து, இ.எம்.டி. கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்டேன். விலை கவரைத் திறக்கும் முன்பே "விண்ணப்பதாரர் வணிகர், விலக்குப் பொருந்தாது" என்று தள்ளிவிட்டார்கள். சிறு நிறுவனங்களுக்குச் சலுகை என்று அரசே சொல்கிறதே, இது நியாயமா? இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

நோட்டுப் பட்டறை
அநியாயம், விடாதீர்கள். உத்யம் இருந்தால் எல்லோருக்கும் விலக்கு உண்டு. ரிஜிஸ்டர், நோட்டு என்று பல அலுவலகங்களுக்குக் கொடுத்து வருகிறேன், ஒருமுறைகூட இ.எம்.டி. கட்டியதில்லை.

முத்துநகர்
நோட்டுப் பட்டறை ஐயா, நீங்கள் தைத்துக் கொடுக்கிறீர்கள், அதனால் உங்களுக்குக் கிடைக்கிறது. 2012இல் வந்த மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, பொருளைத் தயாரிக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கும் சேவை தருவோருக்கும்தான். 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்காக மட்டும். துறையூர் நண்பரே, சான்றிதழில் 'குறு' என்ற சொல்லோடு முதன்மைச் செயல்பாடு எது என்றும் ஒரு வரி இருக்கும். அங்கே வணிகம் என்று இருந்தால் அதிகாரி அதைத்தான் பார்ப்பார். ஜெம் ஏல ஆவணத்திலும் வணிகர்களுக்கு இந்த விலக்கு இல்லை என்று எழுதியிருக்கும்.

அடுத்த முறை 12,000 ரூபாயைக் கட்டிவிடுவதே மேல். ஏலம் கிடைக்காவிட்டால் திரும்ப வந்துவிடும், வட்டிதான் கிடையாது. என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. என்ன விலை போட்டிருந்தீர்கள்?

துறையூர் வணிகர்
கேனுக்கு 300. எனக்கு வாங்கும் விலை 215, ஜி.எஸ்.டி. தனி.

முத்துநகர்
அந்த 300இல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இறக்குகூலியும் அடக்கம். வரியைக் கழித்தால் உங்கள் கையில் 254 ரூபாய். வாங்கும் விலை 215, வண்டிக்கும் இறக்கவும் 12 என்று வைத்தாலும் மிச்சம் 27. 2,000 கேனுக்கு 54,000 ரூபாய் லாபம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலைக்கு வரியோடு பணம் கொடுத்து எடுக்க, வண்டியும் சேர்த்து ஐந்தே கால் லட்சத்துக்கு மேல் முடங்கும். ஒன்றரை வட்டிக்கு வாங்கினால் மாதம் 8,000 போய்விடும். பில் ஆறு மாதம் இழுத்தால் 48,000. ஏறக்குறைய மொத்த லாபமும் வட்டிக்காரருக்கே.

தயாரிப்பாளர் என்றால் 45 நாளைக்கு மேல் தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்டு மனுப் போடலாம். வணிகருக்கு அந்த வழியும் அடைப்பு.

சேலம் தையல் கூடம்
அண்ணா, பொருளை இறக்கும்போது கவனம்! மருத்துவமனை ஒன்றுக்குப் படுக்கை விரிப்புகள் கொடுத்தோம். ஸ்டோர் கீப்பர் வாங்கி வைத்துக்கொண்டார், பெற்றுக்கொண்டதாகத் தளத்தில் பதியவில்லை. பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சரக்கு எப்போது வந்தது என்றே தெரியாது என்றார். எங்களிடம் டெலிவரி சலானின் கார்பன் நகல் இருந்தது. அதில் ஸ்டோர் முத்திரை, கையெழுத்து, அதற்குக் கீழே அவர் கைப்பட எழுதிய தேதி. அதைக் காட்டிய பிறகுதான் ஏற்புச் சான்று போட்டார்கள். ஏற்புச் சான்று வந்தால்தான் பில் நகரும். வெறும் முத்திரையோடு வண்டியைத் திருப்பாதீர்கள், தேதியை எழுதச் சொல்லுங்கள்.

துறையூர் வணிகர்
நன்றி சகோதரி. கேள்வி இ.எம்.டி. பற்றித்தான், ஆனாலும் இதைக் குறித்துக்கொண்டேன். முத்துநகர் ஐயா, இன்னொரு விஷயம். கடைக்குப் பின்னால் ஷெட் இருக்கிறது. அடர் திரவத்தை டிரம்மில் வாங்கி, தண்ணீரும் வாசனையும் கலந்து, சொந்த லேபிளில் கேனில் அடைத்தால் தயாரிப்பாளர் ஆகிவிடுவேனா?

நோட்டுப் பட்டறை
தாராளமாக. உத்யமில் உற்பத்தி என்று மாற்றிவிடுங்கள், முடிந்தது.

முத்துநகர்
மாற்றுவது எளிது, நிற்குமா என்பதுதான் கேள்வி. கலவைத் தொட்டி, மின் இணைப்பு, மூலப்பொருள் வாங்கிய பில் எல்லாம் ஏலத்தை ஆராயும் ஒரு குழு கேட்டது. இன்னொரு குழு சான்றிதழோடு விட்டுவிட்டது. கலந்து அடைப்பதை உற்பத்தியாக ஏற்காத அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். அடுத்த ஏலம் முடியும் தேதிக்கு முன்பே வாங்கும் அலுவலகத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 12,000ஐக் கட்டிவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

நோட்டுப் பட்டறை
எழுதிக் கேட்டால் அதையே காரணமாக்கித் தள்ளிவிடுவார்கள் ஐயா. நான் கேட்க மாட்டேன்.