ஏ.எம்., பி.எம்.: நண்பகல் 12, நள்ளிரவு 12 இரண்டையும் எப்படி எழுதுவது?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். ஒரு நாட்காட்டிச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொற்களை ஒப்படைக்க வேண்டும். முன்பு செய்தவர்கள் ஏ.எம். என்பதற்கு முற்பகல், பி.எம். என்பதற்குப் பிற்பகல் என்று போட்டிருக்கிறார்கள். அதனால் விடியாத நேரத்தில் திரையில் "முற்பகல் 1:30" என்று வருகிறது. நள்ளிரவுக்கு "முற்பகல் 12:00", உச்சிவெயிலுக்கு "பிற்பகல் 12:00". படிப்பவர் எது எது என்று எப்படிப் புரிந்துகொள்வார்? நல்ல சொல் சொல்லுங்கள்.

இளங்கோவன்:
கயல்விழி அம்மா, முற்பகலை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். ஏ.எம். என்பது இலத்தீனில் ஆன்டே மெரிடியெம், அதாவது நடுப்பகலுக்கு முன். பி.எம். என்பது போஸ்ட் மெரிடியெம், நடுப்பகலுக்குப் பின். மெரிடியெஸ் என்ற சொல்லே மெடியுஸ் (நடு), டியெஸ் (நாள்) இரண்டும் சேர்ந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டு டகரங்களில் முன்னது ரகரமாகத் திரிந்துவிட்டது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். பகல் என்றால் வெளிச்சமுள்ள நேரம் மட்டுமா? பகு என்ற வேரைப் பாருங்கள். பட்டினப்பாலையில் "நெடுநுகத்துப் பகல்போல, நடுவுநின்ற நன்னெஞ்சினோர்" என்று வணிகரைச் சொல்கிறது. அங்கே பகல் என்பது நுகத்தடியின் நடுவில் இருக்கும் ஆணி. ஆகப் பகல் என்பதற்கு நடு என்ற பொருளும் உண்டு. அப்படியானால் முற்பகல் என்பது நடுவுக்கு முன், இலத்தீன்காரர் சொன்ன அதேதான். இரவு 1:30 மணியும் வருகின்ற நடுவுக்கு முன்னால்தானே இருக்கிறது!

மரியம்:
ஐயா, நுகத்தாணி அருமை. ஆனால் நள்ளிரவில் கைப்பேசியைப் பார்ப்பவர் பட்டினப்பாலையை நினைக்கமாட்டார். "பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்" என்ற குறளைப் படித்தவர்கூட முற்பகல் என்றால் வெயில் ஏறும் நேரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டுரைப் போட்டி அறிவிப்பில் கடைசி நேரம் "15ஆம் தேதி, 12 ஏ.எம்." என்று இருந்தது. 15ஆம் தேதி முழுக்க நேரம் இருக்கிறது என்று நினைத்து அன்று மாலை அனுப்பப் போனேன். படிவம் மூடிக்கிடந்தது. அவர்கள் சொன்னது 14 முடிந்து 15 பிறக்கும் நொடி. "நள்ளிரவு 12" என்று தமிழில் எழுதியிருந்தாலும் நான் அப்படித்தான் படித்திருப்பேன். அதனால் நம் சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை, தேதியிலும் இருக்கிறது.

சுந்தரம்:
எனக்குத் தெரிந்தவரை நண்பகல்தான் 12 ஏ.எம். பதினொன்று ஏ.எம். தாண்டியதும் பன்னிரண்டு ஏ.எம். வருவதுதானே முறை? அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக்கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

செல்வம்:
சுந்தரம் சார் சொல்வது பழைய பதிப்பு. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படி இருந்தது. 2008 பதிப்பில் தலைகீழாக்கி, நண்பகலை 12 பி.எம்., நள்ளிரவை 12 ஏ.எம். என்றார்கள். அரசுக் கையேடே எட்டு ஆண்டு இடைவெளியில் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், படிப்பவர் குழம்புவதில் வியப்பில்லை.

இலக்கணப்படி இரண்டுமே பொருந்தாது. சரியாக 12:00 என்பது நடுப்பகலேதான். அது தனக்கு முன்னாலும் இருக்க முடியாது, பின்னாலும் இருக்க முடியாது. ஆனால் 12:01 சந்தேகமில்லாமல் நடுப்பகலுக்குப் பின். 12:01 முதல் 12:59 வரை பி.எம். என்று காட்டும் கடிகாரம் 12:00 என்ற ஒரே நிமிடத்துக்கு மட்டும் வேறு எழுத்தைக் காட்டினால் விந்தையாக இருக்கும். அதனால் அந்த நிமிடத்தையும் பி.எம்.மோடு சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு அங்கே சுழியத்தின் வேலையைச் செய்கிறது. ஜப்பானியர் இதை வெளிப்படையாகவே எழுதுவார்கள். நமக்கு 12:30 பி.எம். என்றால் அவர்களுக்குப் பிற்பகல் 0:30. அப்படி எழுதினால் 11க்குப் பின் 12, அப்புறம் 1 என்ற தடுமாற்றமே இல்லை.

கயல்விழி, உங்கள் செயலி யூனிகோடு வட்டாரத் தரவைப் பயன்படுத்தினால் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்.

```
a h:mm
b h:mm
B h:mm
```

முதலாவது முற்பகல், பிற்பகல் மட்டும் தரும். இரண்டாவது சரியாக 12:00 ஆகும்போது மட்டும் நண்பகல், நள்ளிரவு என்று மாறும். மூன்றாவது அதிகாலை, காலை, மாலை, இரவு என்று பொழுதின் பெயர்களையே தரும்.

தவராசா:
இலங்கையில் நாங்கள் மு.ப., பி.ப. என்றே எழுதுகிறோம். அழைப்பிதழிலும் அலுவலகக் கடிதத்திலும் அதுதான் வழக்கம், யாரும் தடுமாறுவதில்லை. புதிதாகத்தான் வேண்டுமென்றால் என் விருப்பம் உ.மு., உ.பி. உச்சிக்கு முன், உச்சிக்குப் பின். கி.மு., கி.பி. பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். உச்சிக்கு முன் 1:30 என்றால் இருட்டா வெளிச்சமா என்ற கேள்வியே எழாது.

இளங்கோவன்:
உச்சி என்பது தலைக்கு நேர்மேல். கடகரேகைக்கு வடக்கே வாழ்பவருக்குச் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர்மேல் வராது. கடிகாரம் 12 அடிக்கும்போது சூரியன் நடுவில் இருப்பதும் அரிது. நேர வலயத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தள்ளியிருந்தால் நான்கு நிமிடம் மாறும். இது தவிர, ஆண்டின் சில நாட்களில் கால்மணிக்குச் சற்று மேலும் விலகும். உச்சி என்று பெயர் வைத்தால் கடிகாரம் பொய் சொல்கிறது என்றாகிவிடும்.

தவராசா:
அந்தக் குறை மெரிடியெஸுக்கும் உண்டே ஐயா. அவர்கள் அதைச் சுமந்துகொண்டு போகவில்லையா?

பூங்கொடி:
ஆசிரியையாக ஒன்று. நண்பகல் என்பது ஒரு நொடி அல்ல. சிறுபொழுது ஆறில் அது ஒன்று, பத்து நாழிகை நீளம், காலை 10 முதல் 2 வரை. பாலைக்கு உரிய பொழுது என்று மாணவர்கள் மனப்பாடமே செய்திருப்பார்கள். ஆகவே "நண்பகலில் சந்திப்போம்" என்றால் நேரம் தெரியாது. 12 என்ற எண் கட்டாயம் கூட வர வேண்டும். இன்னொரு கேள்வி. நள் + பகல் என்று பிரித்தால் முள் + செடி முட்செடி ஆவதுபோல் நட்பகல் என்றல்லவா வர வேண்டும்? ணகரம் எங்கிருந்து வந்தது?

கயல்விழி:
ணகரத்தைத் தனி இழையில் பேசலாமா? இப்போதைக்கு நான் நினைப்பது இது. திரையில் செல்வம் சொன்ன மூன்றாவது முறை, இடம் குறைந்த பெட்டிகளில் மு.ப., பி.ப. அப்படியானால் இரவு 1:30க்கு "இரவு 1:30" என்று வரும். சரிதானே?

மரியம்:
திரைக்குச் சரி. ஆனால் "செவ்வாய் இரவு 1:30" என்று யாராவது வாயால் சொன்னால் பெரும்பாலும் புதன் பிறந்த பிறகான ஒன்றரையைத்தான் சொல்கிறார். செயலியோ செவ்வாய் தொடங்கியதும் வரும் ஒன்றரையில் மணி அடிக்கும். நினைவூட்டல் வைக்கும் இடத்தில் "செவ்வாய் இரவு முடிந்து புதன், 1:30" என்பதுபோல் இரண்டு கிழமையும் காட்ட முடியுமா? கெடுவுக்கு நள்ளிரவு என்ற சொல்லே வேண்டாம். "14ஆம் தேதி இரவு 11:59 வரை" என்று எழுதினால் என்னைப்போல் யாரும் ஏமாறமாட்டார்கள்.

செல்வம்:
கெடுவுக்கு 11:59 நல்ல வழி. 24 மணி முறை என்றால் 23:59. சிலர் 14ஆம் தேதி 24:00 என்று எழுதுவார்கள், அது 15ஆம் தேதி 00:00 என்ற அதே நொடிதான். எல்லா நிரலும் 24:00ஐ ஏற்காது, அதனால் சேமிக்கும் இடத்தில் 00:00 மட்டும் வையுங்கள். இரண்டு கிழமை காட்டுவதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும். வெள்ளிக்குள் முடியாது.

கயல்விழி:
சரி, கிழமையை அடுத்த பதிப்புக்கு வைக்கிறேன். நண்பகல், நள்ளிரவு எங்கே வந்தாலும் 12 சேர்த்தே வரும். மு.ப., பி.ப. சுருக்கத்துக்குப் பெரும்பாலானோர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தவராசா:
என் வாக்கு உ.மு., உ.பி.க்குத்தான். பதிவில் இருக்கட்டும்.

இளங்கோவன்:
பூங்கொடி அம்மாவின் ணகரம் பற்றி: நடு என்பதே நண் என்று குறுகியிருக்கலாம். நண்ணுதலோடு உறவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். விரிவாக இன்றிரவு எழுதுகிறேன்.