"நீ ரொம்ப நல்லவள்": அக்கறையா, நழுவலா?

தென்றல்: நான் விரும்புகிறவரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "நீ ரொம்ப நல்லவள், என்னைவிட நல்லவன் உனக்குக் கிடைப்பான்" என்றார். தினமும் காலையில் மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது. அந்தப் பேச்சை எடுத்தால் பதில் இல்லை. இது அக்கறையா, நாசூக்காகக் கழற்றிவிடுவதா?

கரிசல்: கழற்றிவிடுவதுதான். பிடித்திருந்தால் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

மணல்வீடு: அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். நானே இதைச் சொன்னவன். தலைக்கு மேல் கடன் இருந்தது, அவள் வாழ்க்கையையும் அதில் இழுக்க வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தேன். "எவ்வளவு கடன்?" என்று கேட்டாள். சொன்னேன். இன்று ஒன்றாகத்தான் இருக்கிறோம்.

கரிசல்: நீங்கள் காரணத்தைச் சொன்னீர்கள். இவர் என்ன சொன்னார்?

வேம்பு: அதுதான் கவனிக்க வேண்டிய இடம். தன்மேல் நம்பிக்கை இல்லாதவர் தன் குறையைப் பற்றிப் பேசுவார்: வேலை, கோபம், குடும்பச் சிக்கல், ஏதோ ஒன்று. இவர் சொன்னதில் அவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. எல்லாம் உங்களைப் பற்றிய பாராட்டு. பாராட்டை மறுத்துப் பேச முடியாதே, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனாலும் அவர் திட்டம் போட்டு ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். ஒருதலைக் காதல் பற்றி உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மறுப்பவர்களுக்கும் குற்ற உணர்வு இருந்ததைக் காட்டினார்கள். எப்படி மறுப்பது என்றும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் மழுப்புவார்கள், கேட்பவர் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்வார். காலை மெசேஜுக்குப் பின்னால் அந்தக் குற்ற உணர்வே இருக்கலாம்.

மல்லிச்சரம்: தாழ்வு மனப்பான்மையாக இருக்கும் தோழி. "நீங்களும் நல்லவர்தான்" என்று அடிக்கடி சொல்லுங்கள், மாறிவிடுவார்.

வேம்பு: ஒருமுறை சொல்லலாம். தயக்கம் உண்மையானால் அந்த ஆறுதலுக்குப் பிறகு அவர் கொஞ்சமாவது மனம் திறப்பார். மறுபடி அதே வாக்கியம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நீங்கள் வாதாடுவதாகிவிடும். தென்றல், "எனக்கு யார் பொருத்தம் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்னோடு வாழ விருப்பமா?" என்று மட்டும் கேளுங்கள். நேரில் கேளுங்கள், மெசேஜில் வேண்டாம்.

தென்றல்: கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னைக் காயப்படுத்த விரும்பவில்லை" என்றார்.

கரிசல்: பதில் வந்துவிட்டது.

மணல்வீடு: எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவனும் இதையேதான் சொல்வான். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

வேம்பு: அவர் மனதில் இருப்பது பயமாகவே இருக்கட்டும். கேட்டது விருப்பமா என்று. அதற்கு "ஆம்" வரவில்லை. அவகாசம் கொடுப்பதானால் எதுவரை என்று அவரிடமே சொல்லிவிடுங்கள், அதுவரை காலை மெசேஜுக்குப் பதில் போட வேண்டாம்.

தென்றல்: மெசேஜை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவகாசம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.